கதவில் விழுந்த நசுங்கல்

ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலுக்குக் காரில் போகிறீர்கள். கொண்டை ஊசி வளைவில் பக்கச்சுவரில் உரசிக் கதவு நசுங்கிவிட்டது. பட்டறையில் 6,000 ரூபாய் கேட்கிறார்கள். இன்சூரன்ஸில் கிளெய்ம் செய்யலாமா?

கணக்குப் போடுவோம். 1500 சிசி வரையிலான காருக்கு முதல் 1,000 ரூபாய் நம் பொறுப்பு. ஆக, கிடைப்பது அதிகபட்சம் 5,000.

இழப்பது என்ன? சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இப்போது உங்கள் நோ கிளெய்ம் போனஸ் 35 சதவீதம். கிளெய்ம் செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு 45, பிறகு 50. செய்தால் பூஜ்யத்துக்கு இறங்கி, 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். முதல் ஆண்டில் மட்டும் கூடுதல் செலவு 4,500 ரூபாய். ஐந்தாண்டில் மொத்தம் 12,000.

ஐயாயிரத்துக்காகப் பன்னிரண்டாயிரத்தை இழப்பானேன்? கைக்காசைக் கொடுத்துவிடுங்கள். பழுதுச் செலவு 13,000 ரூபாயைத் தாண்டினால் கிளெய்ம் செய்யலாம்.

இதே பாலிசி ஆண்டில் ஏற்கெனவே கிளெய்ம் வாங்கியிருந்தால், போனஸ் போனது போனதுதான், தயங்காமல் கேளுங்கள். போனஸ் பாதுகாப்பு சேர்த்திருக்கிறீர்களா என்பதையும் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.