முள் காட்டாத ஒரு கிலோ

லால்குடி ரயிலடிப் பக்கம் ஒரு பஞ்சர் கடை. கடை சாத்தும் நேரம். கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, காற்றடிக்கும் துப்பாக்கியின் விசையை அழுத்திப் பிடித்தால் சீறல் கிளம்பும், மீட்டர் முள் இறங்கும். எப்படி இறங்குகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

200 லிட்டர் டேங்க், 8 கிலோ அழுத்தம், 2 மில்லிமீட்டர் துளை என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் முள் 8-லிருந்து 4-க்கு வர ஏறக்குறைய மூன்றரை நிமிடம். 4-லிருந்து 2-க்கு மூன்று நிமிடம். 2-லிருந்து 1-க்கு இரண்டரைக்கும் சற்றுக் குறைவு. பாதியாகும் நேரம் ஏன் இப்படிச் சுருங்குகிறது?

கோளாறு முள்ளில் இருக்கிறது. அது பூஜ்யம் காட்டும்போதும் டேங்குக்குள் காற்று உண்டு. நம்மைச் சுற்றியிருக்கும் அதே ஒரு கிலோ அழுத்தத்தில். முள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாம் சேர்த்துக்கொள்வோம். 8 என்பது உண்மையில் 9. அது பாதியாகி நாலரை ஆக நான்கு நிமிடம். நாலரை இரண்டே காலாக இன்னும் ஒரு நான்கு நிமிடம். இப்போது கணக்கு நேராகிவிட்டது.

இந்த ஒழுங்குக்குக் காரணம், துளையில் காற்று ஒலியின் வேகத்தில் ஓடுவது. நொடிக்கு 300 மீட்டருக்கு மேல். வெளியே அழுத்தம் குறைவு என்ற சேதியும் ஒலி வேகத்தில்தான் போக முடியும். கொள்ளிடத்து வெள்ளத்தை எதிர்த்து நீந்துகிறவன், வெள்ளமும் தன் வேகத்திலேயே வந்தால் நின்ற இடத்திலேயே நிற்பான் அல்லவா? அந்தச் சேதியும் அப்படித்தான், துளையைத் தாண்டி உள்ளே போவதில்லை. ஆகவே வெளியே என்ன இருந்தாலும், உள்ளே இருக்கும் காற்றின் அளவுக்குத் தக்கபடியே வெளியேற்றம் நடக்கிறது. பாதி தீர்ந்தால் நொடிக்கு வெளியேறும் அளவும் பாதி.

முள் 0.9 கிலோவுக்கு வந்ததும், அதாவது ஒன்பதாவது நிமிடத்தில், இந்த ஆட்சி முடிகிறது. இனி வெளிக்காற்றும் குறுக்கே நிற்கும். மீதியும் போக ஐந்தாறு நிமிடம் ஆகும்.

துளையை 4 மில்லிமீட்டர் ஆக்கினால் விட்டம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. பாதியாக ஒரு நிமிடம் போதும். நான் இதுவரை சொன்னது உள்ளே வெப்பநிலை மாறவில்லை என்று வைத்துக்கொண்ட கணக்கு. மெல்ல விட்டால் அது ஓரளவு சரி, இரும்புச் சுவர் காற்றுக்குச் சூடு கொடுத்துவிடும். அடியில் தண்ணீர் வடிக்கும் வால்வை அகலத் திறந்தால் அதற்கு நேரம் இருக்காது. உள்ளே காற்று சட்டெனக் குளிரும், முள் இன்னும் விரைவாக விழும். சுவரின் சூடு கொஞ்சமும் சேராவிட்டால், முப்பது டிகிரிக் காற்று அழுத்தம் பாதியாவதற்குள் உறைநிலைக்கும் இருபது டிகிரிக்கு மேல் கீழே போய்விடும்.

பாதியில் வால்வை மூடிப் பாருங்கள். யாரும் காற்றடிக்காமலே முள் மெல்ல மேலேறும். உள்ளே குளிர்ந்த காற்று, டேங்கின் சூட்டை வாங்கிக்கொண்டிருக்கிறது.