இரண்டு ஷிப்டும் ஒரே மாதிரி எழுதும் தாள்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், பாக்கு மட்டைத் தட்டு யூனிட் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நம்ம யூனிட்டின் தினசரி உற்பத்தித் தாளைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. சுவரில் அட்டையில் மாட்டியிருக்கிற ஒரு பக்கத் தாள்தான் அது. அதை ஏன் அப்படி அமைத்தோம் என்று சொன்னால், ஊறுகாய், மசாலாப் பொடி, தையல் யூனிட் நடத்துகிறவர்களும் தங்கள் தாளை அமைத்துக்கொள்ளலாம்.

நம்மிடம் நாலு பிரஸ் மெஷின் இருக்கிறது. காலை ஷிப்ட் 7 மணி முதல் 1 மணி வரை, மதிய ஷிப்ட் 1 முதல் 7 வரை. ஊறவைத்த மட்டையைக் கழுவி, ஈரம் வடிய வைத்து, சூடான டையில் அழுத்துகிறோம். பிறகு ஓரம் வெட்டி, நல்லது, செகண்ட்ஸ், கழிவு என்று பிரிக்கிறோம். பிரித்த நல்ல தட்டுதான் பேக்கிங்குக்குப் போகும்.

முன்பு ஒரு நோட்டில் தேதி போட்டு, 'இன்று எடுத்த தட்டு' என்று ஒரே ஓர் எண் எழுதுவார்கள். கல்யாண ஆர்டர் ஒன்றுக்குச் சரக்கு எண்ணும்போது, நோட்டில் இருந்ததைவிட ஆயிரத்துக்கும் மேல் தட்டு குறைந்தது. உடனே இரண்டு ஷிப்டுக்கும் சண்டை. 'நாங்க எடுத்ததை அவங்க எங்கே வெச்சாங்க?' என்று காலையில் ஒரு பேச்சு. 'அவங்க சும்மா எழுதிட்டுப் போறாங்க' என்று மதியம் ஒரு பேச்சு. எண்ணிக்கைப்படி ஊக்கத்தொகை இருந்ததால் பேச்சு இன்னும் தடித்தது. விசாரித்ததில் யாரும் பொய் எழுதவில்லை. காலை சூப்பர்வைசர் மெஷினிலிருந்து இறங்கியதும் எண்ணினார். மதிய சூப்பர்வைசர் பிரித்து முடித்த நல்ல தட்டை எண்ணினார். இருவரும் எழுதியது ஒரே வார்த்தைக்குக் கீழே.

ஒரு நாள் கணக்கை வைத்துப் பார்ப்போம். பத்து அங்குலத் தட்டு மட்டும். காலையில் 900 தட்டு அழுத்தியாயிற்று. 1 மணிக்கு அதில் 120 இன்னும் பிரிக்காமல் மேசையில் கிடக்கிறது. பிரித்த 780-இல் நல்லது 690, செகண்ட்ஸ் 50, கழிவு 40. மதியம் 840 அழுத்துகிறார்கள். மிச்சம் இருந்த 120-ஐயும் சேர்த்து 960 தட்டைப் பிரிக்கிறார்கள். அதில் நல்லது 850, செகண்ட்ஸ் 60, கழிவு 50.

பழைய நோட்டில் காலைக்கு 900, மதியத்துக்கு 850 என்று விழும். கூட்டினால் 1,750. உண்மையில் விற்கக்கூடிய நல்ல தட்டு 690-ம் 850-ம் சேர்ந்து 1,540தான். ஒரே நாளில் 210 தட்டு காகிதத்தில் மட்டும் இருக்கிறது. ஆறு நாள் இப்படிப் போனால் 1,260. ஆர்டரில் குறைந்தது இப்படித்தான்.

அதனால் முதலில் செய்தது, எந்த இடத்தில் நின்று எண்ணுவது என்று முடிவு செய்தது. இரண்டு இடம் வைத்தோம்: மெஷினிலிருந்து இறங்கும்போது ஒன்று, பிரிக்கும் மேசையில் ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி வரி. இப்போது தாளில் ஒவ்வொரு அளவுக்கும் இந்த ஏழு வரிகள் இருக்கின்றன:

1. போன ஷிப்ட் விட்ட பிரிக்காத தட்டு
2. இந்த ஷிப்டில் அழுத்தியது
3. நல்லது
4. செகண்ட்ஸ்
5. கழிவு
6. அடுத்த ஷிப்டுக்கு விடும் பிரிக்காத தட்டு
7. மிச்சம் இருக்கும் ஊறின மட்டை

முதல் இரண்டு வரியின் கூட்டுத்தொகை, 3 முதல் 6 வரையுள்ள நாலு வரியின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வரவேண்டும். காலைக்கு 0-வும் 900-மும் ஒரு பக்கம். 690, 50, 40, 120 மறுபக்கம். இரண்டும் 900. மதியத்துக்கு 120-ம் 840-ம் சேர்ந்து 960. 850, 60, 50, 0 சேர்ந்தும் 960. வரவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் அங்கேயே திரும்ப எண்ண வேண்டும். மறுநாள் தேடினால் தட்டு பேக்கிங்கில் கலந்துபோயிருக்கும், கண்டுபிடிக்க முடியாது.

காலையின் ஆறாவது வரியும் மதியத்தின் முதல் வரியும் ஒரே எண்ணாக இருக்கவேண்டும். இதற்காக 12.50-க்கு மெஷினை நிறுத்திவிட்டு, இரண்டு சூப்பர்வைசரும் மேசைக்கு முன்னால் சேர்ந்து நின்று எண்ணி, இருவரும் கையெழுத்திடுகிறார்கள். பத்து நிமிஷ உற்பத்தி போகிறதே என்று கேட்டார்கள். போகட்டும், மதியம் முழுக்க நடக்கிற வாக்குவாதத்துக்கு அது மலிவு. சாயந்திரம் 7 மணிக்கு மிச்சம் இருந்தால் அது மறுநாள் காலையின் முதல் வரிக்குப் போகும்.

இரண்டாவது, ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம். அதைத் தனித் தாளில் எழுதிக் கொடுத்தால் யாரும் தேடிப் பார்க்க மாட்டாங்க. கட்டத்துக்குக் கீழேயே சின்ன எழுத்தில் அச்சடித்துவிட்டோம். எண்ணுவது எப்போதும் தட்டில்தான், கட்டில் இல்லை. ஏனென்றால் ஒருவர் கட்டுக்கு 25 வைப்பார், இன்னொருவர் 50 வைப்பார். அடுக்கின் உயரத்தை வைத்தும் எண்ணக்கூடாது. மட்டையின் தடிமன் மாறும், அதனால் ஒரே உயரத்தில் தட்டு கூடும், குறையும். மெஷினில் 25 தட்டு எண்ணி எடுத்துப் போகும்போது பலகையில் ஒரு கோடு. ஷிப்ட் முடிவில் கோடுகளை 25-ஆல் பெருக்கி, மெஷினில் நிற்கிற உதிரியைக் கூட்ட வேண்டும்.

எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது. ஓட்டியும் கழிவு வரவில்லை என்றால் 0. அந்த அளவு டையை அன்று மாட்டவே இல்லை என்றால் 'ஓடவில்லை'. காலியாக விட்டால் எழுத மறந்ததா, எதுவும் இல்லையா என்று தெரியாது. திருத்தினால் ஒரே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணும் சின்னக் கையெழுத்தும். வெள்ளை மை கிடையாது.

மெஷின் நின்ற நேரத்திலும் இதே சிக்கல் வந்தது. அரை மணி நேரம் கரண்ட் போனால் நாலு மெஷினும் நிற்கும். ஒருவர் 30 நிமிஷம் என்று எழுதினார், இன்னொருவர் 120 என்று எழுதினார். இரண்டும் அவரவர் கணக்கில் சரிதான். ஒரு மெஷின் ரிப்பேராகி அரை மணி நின்றாலும் 30தானே விழும், வித்தியாசம் தெரியாதே! அதனால் ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக நிமிஷம் எழுதிக் கூட்டுவது என்று வைத்தோம். கரண்ட் போனது 120 என்று வரும், ரிப்பேர் 30 என்று வரும். பத்து நிமிஷத்துக்குக் குறைவாக நின்றால் எழுத வேண்டாம். காரணத்தை வாக்கியமாக எழுதாமல் எண் போட்டால் போதும்: 1 கரண்ட், 2 மெஷின் ரிப்பேர், 3 டை சூடாகவில்லை, 4 டை மாற்றியது, 5 ஊறின மட்டை இல்லை, 6 மற்றவை. மாதம் முடிந்து பார்க்கும்போது 'மற்றவை' அதிகமாக இருந்தால் பட்டியலில் ஏதோ விட்டுப்போச்சு என்று அர்த்தம்.

அதிக நாள் பிடித்தது நல்லது எது, செகண்ட்ஸ் எது என்பதில்தான். ஐம்பது தட்டின் அடிப்பக்கத்தில் பென்சிலால் 1 முதல் 50 வரை எண் போட்டோம். இரண்டு சூப்பர்வைசரும் ஒருவர் பிரிப்பதை இன்னொருவர் பார்க்காமல், தனித்தனியாகப் பிரித்தார்கள். ஒருவருக்கு நல்லது 41, இன்னொருவருக்கு 36. தட்டில் எண் இருந்ததால் எந்தத் தட்டில் மாறுபட்டார்கள் என்று எடுத்து வைத்துப் பார்க்க முடிந்தது. மொத்தம் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். இருவருக்கும் 40 என்று வந்தாலும் வேறு வேறு தட்டாக இருக்கலாம். மாறுபட்டவை பெரும்பாலும் கரும்புள்ளி உள்ளவை. பேசி முடிவெடுத்தோம்: புள்ளி அடிப்பக்கம் மட்டும் இருந்தால் நல்லது, சாப்பிடும் பக்கம் இருந்தால் செகண்ட்ஸ். விரிசல், ஓட்டை, பூஞ்சை எதுவானாலும் கழிவு. ஒவ்வொன்றுக்கும் மாதிரித் தட்டையே மேசைக்கு மேலே மாட்டிவிட்டோம். மழைக்காலத்தில் மட்டையின் நிறம் மாறும்போது இந்த ஐம்பது தட்டுச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

தாளையும் இப்படித்தான் சோதித்தோம். அச்சடிக்கும் முன், ஆறு நாள் இரண்டு பேரும் ஒரே ஷிப்டுக்குத் தனித்தனியாக நிரப்பினார்கள். எந்த வரியில் எண் மாறியதோ, அந்த வரியின் வார்த்தையைத் திருத்தினோம். ஆளைத் திருத்தப் போகவில்லை. இருவரும் எழுதியது ஒன்றாக வந்த பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தோம். தாளின் மேல் மூலையில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கிறது. புதியது வந்ததும் பழைய தாளை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஷிப்ட் பழையதிலேயே எழுதிக்கொண்டிருக்கும்.

இந்தத் தாளால் சொல்ல முடியாததும் உண்டு. மதியத்தின் 850 நல்ல தட்டில் காலையில் அழுத்தியதும் கலந்திருக்கிறது. அதனால் மூன்றாவது வரியை மட்டும் பார்த்து எந்த ஷிப்ட் கெட்டி என்று சொல்லக்கூடாது. ஷிப்டை ஒப்பிட அழுத்திய எண்ணிக்கையும் நின்ற நேரமும் வேண்டும். ஆனால் அழுத்தியதற்கு மட்டும் ஊக்கத்தொகை தந்தால் கழிவு ஏறும். அதனால் ஊக்கத்தொகையை அன்றைய மொத்த நல்ல தட்டுக்குக் கணக்கிட்டு, அழுத்திய எண்ணிக்கைப்படி இரண்டு ஷிப்டுக்கும் பிரிக்கிறோம். நாம் பார்த்த நாளில் 1,540 நல்ல தட்டுக்கு வரும் தொகை 900-க்கு 840 என்ற விகிதத்தில் பிரியும். ஒரு ஷிப்டின் மட்டையில்தான் கழிவு அதிகம் என்று சந்தேகம் வந்தால், பிரிக்காமல் விட்ட தட்டை வேறு நிறக் கயிறு கட்டித் தனியாக வைத்து, ஒரு வாரம் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. இரண்டு பேரும் சேர்ந்தே தப்பாக எண்ணினால் தாளில் கூட்டல் சரியாகத்தான் வரும். அதனால் மாதம் ஒரு முறை, சூப்பர்வைசர் அல்லாத இரண்டு உறுப்பினர்கள் சரக்கு அறையில் இருப்பதை எண்ணி, தாளின் நல்ல தட்டுக் கூட்டலில் விற்றதைக் கழித்து ஒப்பிடுகிறார்கள். அடுத்த எண்ணிக்கை மாதக் கடைசி சனிக்கிழமை நடக்கும். எந்தக் குழுவிலிருந்து வேண்டுமானாலும் வரலாம், பெயரை இன்றைக்கே செயலாளரிடம் கொடுங்கள்.