விடியலில் ஒரு விண்ணப்பம்
(மதுவை விட்டு மீள்வோர் நாள்தோறும் காலையில் சொல்லத்தக்க பிரார்த்தனை குறித்து, நெய்வேலி நகரிய அன்பர்களுக்கான சொற்பொழிவு)



மதுவை விடுவதாகத் தெய்வத்தின் முன் சத்தியம் செய்து காப்புக் கட்டிக்கொள்ளும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. கார்த்திகையில் மாலையணிந்து விரதம் காக்கும் அன்பர் பலர் அந்நாள்களில் மதுவை அறவே நீக்குகின்றனர். ஆயினும் மாலையைக் கழற்றியதும் பழைய வழிக்கே திரும்புவோரும் உளர். அதனை அவர்தம் பக்தியின் குறையாகக் கொள்ளலாகாது. முடிவு நாள் குறித்த விரதத்தில் மனம் அந்த முடிவு நாளையே எண்ணிக்கொண்டிருக்கும். மது நோயோ நாள் எண்ணி நீங்குவதன்று. ஆதலின் அதற்கு ஒவ்வொரு காலையிலும் புதிதாகத் தொடங்கும் ஒரு சிறு வேண்டுதல் தேவைப்படுகிறது.

இவ்வாறான வேண்டுதல் ஒன்று உலகெங்கும் வழங்கி வருகிறது. அமெரிக்க இறையியல் அறிஞர் ரைன்ஹோல்ட் நீபூர் இயற்றியதாகக் கருதப்படும் அதில் மூன்றே கோரிக்கைகள் உள்ளன. மாற்ற இயலாததை ஏற்கும் அமைதி, மாற்ற இயன்றதை மாற்றும் துணிவு, இரண்டையும் பிரித்தறியும் தெளிவு என்பன அவை. மதுவுக்கு அடிமையாகி மீண்ட இருவர் 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் அமைப்பு, 1940களில் அதனைத் தன் கூட்டங்களில் ஏற்றுக்கொண்டது. அவ்வமைப்பின் கூட்டங்கள் தமிழகத்திலும் தமிழிலேயே நடைபெறுகின்றன.

வேண்டுதலுக்கு முன்னர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பல்லாண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கைநடுக்கமும் வியர்வையும் தோன்றலாம். முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் சிலருக்கு அறிவு மயங்கி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தோன்றும். இதனைக் காற்றுக் கருப்பு என்றோ தெய்வக் குற்றம் என்றோ எண்ணி வீட்டில் வைத்திருத்தல் உயிருக்கே கேடாகும். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அத்தகையோர் மருத்துவரைக் கண்ட பின்னரே மதுவை நிறுத்துதல் நன்று. மாலையணிய விரும்புவோருக்கும் இது பொருந்தும். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு உரியதே காலைப் பிரார்த்தனை. அதன் உட்பொருளை விளக்க நெய்வேலிச் சுரங்கமே நல்ல சான்றாகும். இங்கு நிலக்கரிப் படிவத்தின் அடியில் நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. அந்நீரை இல்லாமற் செய்ய எவராலும் இயலாது. ஆனால் குழாய்க் கிணறுகளின் வழியே இரவு பகலாக இறைத்து அதன் அழுத்தத்தைக் குறைக்க இயலும். சுரங்கத்தின் தரை உலர்ந்திருப்பதால் நீர் வற்றிவிட்டது என்று எந்தப் பொறியாளரும் எண்ணுவதில்லை. இறைப்பதை நிறுத்தினால் நீர் தரையைப் பிளந்துகொண்டு மேலெழும். மதுவை விட்ட மனிதர் உலர்ந்த சுரங்கத்தைப் போன்றவர். நோய் அடியில் இருந்துகொண்டேயிருக்கும். அன்றாடம் இறைப்பதே அவர் செயலாகும்.

அதற்குரிய பிரார்த்தனை இவ்வாறு அமையலாம்:

“அம்பலத்தில் ஆடும் ஐயனே!
விடிந்திருக்கும் இந்த ஒரு நாளை உன் திருமுன் வைக்கிறேன்.
கழிந்த ஆண்டுகளும், பிறர் மனமும், ஒரு மிடறு உள்ளே சென்றால் நிறுத்தத் தெரியாத என் உடலும் என் ஆளுகைக்கு உட்பட்டவை அல்ல; அவற்றோடு போரிடாத பொறுமையைத் தருக.
முதல் மிடற்றைத் தவிர்ப்பதும், செல்லும் வழியும், பேசும் சொல்லும் என் கையில் உள்ளன. அவற்றைச் செய்யும் உறுதியைத் தருக.
எது என் கையில் உள்ளது என நான் மயங்கும்போது, பிறரைக் கேட்டுத் தெளியும் பணிவைத் தருக.
இன்று உறங்கும் வரையில் என்னுடன் இருந்தருள்க.”

இதனைச் சொல்ல ஒரு நிமிடமே ஆகும். சொல்லும் முறையில்தான் பயன் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர் ஒருவர் சிகிச்சை பெற்று வீடு திரும்பிப் பத்து நாள் ஆகிறது எனக் கொள்வோம். மனைவி அவர் வாயை முகர்ந்து பார்க்கிறார், ஏ.டி.எம். அட்டையையும் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். “நான்தான் விட்டுவிட்டேனே, இன்னுமா சந்தேகம்?” என்று கணவர் சினக்கிறார். அதே மனிதர், “என்ன செய்வது, என் தலையெழுத்து, சம்பள நாளில் நண்பர்கள் விடமாட்டார்கள்” என்றும் சொல்கிறார். இங்கு இரண்டும் இடம் மாறி நிற்கின்றன. பிறர் நம்பிக்கை அவர் கையில் இல்லை, அதனோடு போரிடுகிறார். நண்பர்களுடன் செல்வதும் செல்லாததும் அவர் கையில் உள்ளது. அதனை விதியென்று விட்டுவிடுகிறார். மீண்டும் குடிக்கத் தொடங்குவோர் பலரிடம் இந்த இடமாற்றம் முன்கூட்டியே காணப்படும். வீட்டார்மேல் சினமும் தம் செயலில் சோர்வும் ஒருங்கே தோன்றினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

ஆகவே பிரார்த்தனையின் இரண்டாம் வேண்டுதலைச் சொல்லும்போது அன்றைய நாளுக்குரிய செயல் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். “இன்று சம்பள நாள், பணி முடிந்ததும் மனைவியுடன் கடைத்தெருவுக்குச் செல்வேன், நண்பர் அழைத்தால் வரவில்லை என்று ஒரே சொல்லில் முடிப்பேன்” என்பது போல அது தெளிவாக இருத்தல் வேண்டும். “இனி நல்லவனாக இருப்பேன்” என்பது போதாது. முதல் வேண்டுதலுக்கும் அவ்வாறே ஒன்று: “மனைவி இன்றும் முகர்ந்து பார்க்கலாம், பார்க்கட்டும்.” ஆண்டுக்கணக்கில் இழந்த நம்பிக்கை பத்து நாளில் மீளாது.

முறைப் பணியில் இருப்பவருக்குக் காலை என்பது அவர் கண் விழிக்கும் நேரமாகும். எனினும் இரவுப் பணி முடிந்து விடியலில் வீடு திரும்புவோர் உறங்கச் செல்லுமுன்னும் ஒருமுறை சொல்வது நன்று. களைப்பும் பசியும் தனிமையும் சினமும் வேட்கையை எழுப்பும் நான்கு வாயில்கள். வேட்கை எழுந்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் தானே தணியும். அதற்குள் உணவு உண்டு, நம்பத்தக்க ஒருவரிடம் பேசி, இவ்வேண்டுதலை மீண்டும் சொல்லலாம்.

இப்பிரார்த்தனை மருந்துக்கு மாற்றாகாது. மாத்திரையையும் மருத்துவர் குறித்த நாளையும் கூட்டத்தையும் கைவிட்டுப் பிரார்த்தனையை மட்டும் சொல்பவர், இறைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சுரங்கத்தின் கரையில் நின்று வேண்டுபவரை ஒப்பர். ஒருநாள் தவறிக் குடித்துவிட்டால், தெய்வத்திற்குக் கொடுத்த வாக்கு போயிற்று, இனி எல்லாம் ஒன்றுதான் என்று குடியைத் தொடர்தல் பெருந்தீங்காகும். இவ்வேண்டுதல் ஒரு நாளுக்கே உரியது. ஆதலால் உடைந்ததும் ஒரு நாளே. அன்றே மருத்துவரிடமோ வழிகாட்டுபவரிடமோ மறைக்காமல் சொல்லி, அடுத்த விடியலில் முதலடியிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டிலுள்ளோரும் இதனைத் தமக்கெனச் சொல்லலாம். கணவர் குடிப்பதும் குடியாதிருப்பதும் மனைவியின் கையில் இல்லை. குடிக்குப் பணம் தராதிருப்பதும், பிள்ளைகளைக் காப்பதும், உதவி நாடுவதும் அவர் கையில் உள்ளன. ஒரே பூசையறையில் இருவரும் தத்தமக்குரியதை வேண்டி நிற்கும்போது, ஒருவர் மற்றவருக்குக் காவலர் என்னும் நிலை சிறிது சிறிதாகத் தளரும்.

திருச்சிற்றம்பலம்.